பட்டும் பந்தியும்: விருந்து நடத்துகிறவர் என்ன உடுத்தலாம்?

புதுமனை புகுவிழா நடக்கும் எந்த வீட்டிலும் முதல் பந்தி தொடங்கும் நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காலையில் ஹோமத்தில் உட்கார்ந்த அதே பட்டுப்புடவையோடு வீட்டுக்காரப் பெண் சாம்பார் வாளியைக் கையில் எடுப்பார். இரண்டாவது இலைக்குக் குனியும்போது முந்தானை தோளிலிருந்து நழுவும். வலது கையில் கரண்டி, இடது கையில் வாளி. முந்தானையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா, "முந்தானையைச் செருகிக்கோம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜரிகை நுனி சாம்பாரைத் தொட்டிருக்கும்.

இதற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஒரே உடையிடம் மூன்று வேலையை எதிர்பார்ப்பதுதான் காரணம். வீட்டில் விசேஷம் நடத்துகிறவர் முந்தைய நாள் முழுக்கச் சமையல் ஏற்பாட்டில் நிற்கிறார். விடியற்காலையில் தீயின் முன் உட்காருகிறார். பிற்பகல் வரை குனிந்து நிமிர்ந்து பரிமாறுகிறார். வாழைத்தண்டு நறுக்குவது, நெய் தெறிக்கும் ஹோமகுண்டத்தின் முன் உட்காருவது, ரசம் ஊற்றுவது ஆகிய மூன்றும் துணியிடம் வெவ்வேறு குணங்களைக் கேட்கின்றன. பட்டு நடுவில் இருக்கும் வேலைக்கு மட்டுமே ஏற்றது.

அதனால் எந்தப் புடவை அழகு என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், எந்த மணி நேரத்துக்கு எந்த உடை என்று பிரித்துக்கொள்வது நல்லது. சுமார் அறுபது பேர் வருகிற, வாழை இலைப் பந்தி போடுகிற ஒரு புதுமனை விழாவை வைத்து இதைப் பார்க்கலாம்.

முந்தைய நாள்: கண்ணுக்குத் தெரியாத கறை

விசேஷ வீட்டின் மிக மோசமான கறை சாம்பாரில் வருவதில்லை, வாழையில் வருகிறது. வாசலில் வாழைமரம் கட்டும்போதும், வாழைக்காய் சீவும்போதும், வாழைப்பூவை ஆயும்போதும் வடிகிற பால் துணியில் படும் கணத்தில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்றுப் பட்டபின் அதிலுள்ள பொருள்கள் மெல்ல நிறம் மாறும். வெட்டிய வாழைக்காய் கறுப்பது போலவே துணியிலும் பழுப்புக் கறை எழும். துவைத்துக் காய்ந்த பிறகு, "இது எப்போ பட்டுச்சு?" என்று கேட்க வைப்பது இந்தக் கறைதான். பருத்தியில் நன்றாக ஊறிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் நம்பகமாக வேலை செய்வதில்லை.

ஆகவே முந்தைய நாளுக்கான உடை விதி எளிது. கறை படிந்தாலும் வருத்தப்படத் தேவையில்லாத, அடர்ந்த நிறத்தில் உள்ள பழைய பருத்தி நைட்டியோ புடவையோ போதும். ஆண்களுக்கு லுங்கி, பழைய பனியன். விருந்தினர் முன்னதாகவே வந்துவிட்டால் நன்றாக இருக்காதே என்று நினைத்து நல்ல சுடிதாரை அணிந்துகொண்டு வாழைமரம் கட்டப் போவதுதான் தவறு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வாழைப்பூ ஆய்வது வழக்கம். அது கையைத்தான் காக்கும், துணியைக் காக்காது. அதற்கு மடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ள வேண்டும்.

அன்று இரவே மறுநாள் உடைகளை எடுத்து வைப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. அதிலும் முக்கியமாக, புதிதாக வாங்கிய பருத்திப் புடவையை மறுநாள் பந்திக்கு உடுத்துவதாக இருந்தால், அது ஒருமுறையாவது தண்ணீர் பார்த்திருக்க வேண்டும். சாயம் விடுகிற புதுப் புடவை வியர்வையிலும் ஈரக் கையிலும் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் நிறம் இறக்கும். அது சமையலறைக் கறை இல்லை, புடவையே கொடுத்த கறை.

விடியற்காலை: தீயின் முன் பட்டு

பால் காய்ச்சுவதும் ஹோமமும் பெரும்பாலும் சூரிய உதயத்தை ஒட்டி முடிந்துவிடும். பட்டுக்கு உரிய நேரம் இதுதான். தீயின் அருகே உட்காருவதற்குப் பட்டு மோசமான தேர்வும் அல்ல. பட்டு விலங்கிழை, அதாவது புரதம். அது சட்டென்று கொழுந்துவிட்டு எரியாது. தீயை விலக்கினால் பெரும்பாலும் மெல்ல அணையும். முடி கருகும் வாசனை வரும். மெல்லிய பருத்தியோ எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். பாலியஸ்டர் வேறு ரகம். சுமார் 250 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்கும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். தீக்காயத்தை ஆழமாக்குவது அந்த ஒட்டல்தான்.

சிக்கல் எங்கே என்றால், கடையில் பட்டு மாதிரி தெரிகிற எல்லாமே பட்டு இல்லை. ஆர்ட் சில்க் என்று விற்பதில் நிறையப் பாலியஸ்டரும் விஸ்கோஸும் உண்டு. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, தட்டில் வைத்துத் தீக்குச்சி காட்டினால் தெரிந்துவிடும். பட்டு நூல் முடி கருகும் வாசனையோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு, மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இந்தச் சோதனைக்குப் பதிலாக இருக்கிறது.

உண்மையான காஞ்சிபுரப் பட்டு என்றாலும் ஹோமத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மடியில் வந்து விழும் முந்தானை. சம்மணமிட்டு உட்கார்ந்ததும் அதன் நுனியை வலப்பக்கமாகக் கொண்டுவந்து தொடைக்கு அடியில் செருகிவிட்டால், குனிந்து நெய் விடும்போது குண்டத்தை நோக்கிச் சரியாது. இரண்டாவது, சமித்து வெடிக்கும்போது பறக்கும் பொறி. பட்டில் அது ஊசி முனையளவு ஓட்டை போடும். மடிமீது ஒரு பருத்தித் துண்டைப் போட்டுக்கொண்டால் பொறி அதிலே விழும், நெய்த் துளியும் அதிலே விழும். மூன்றாவது, முழங்கையைத் தாண்டித் தொங்கும் அகலக் கை. ரவிக்கைக் கை கையோடு படிந்திருந்தால் போதும்.

ஆரத்தியையும் மறந்துவிடக் கூடாது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிற அந்தத் தண்ணீர் பட்டில் தெறித்தால், மஞ்சள் கறையும் காரமும் சேர்ந்தே இறங்கும். பட்டுக்குக் காரம் ஆகாது. தட்டு சுற்றுகிறவர் தட்டில் கால்வாசிக்கு மேல் நீர் வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

ஜரிகைக்கு வேறொரு கவலை. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி; அதன்மேல் தங்க முலாம். வெள்ளி, கந்தகம் பட்டால் கறுக்கும். வியர்வையும் ஜரிகையை மங்கச் செய்யும். வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டியபின் அடிப்பதைவிட, கட்டுவதற்கு முன் உடம்பில் அடித்துக் காயவிடுவது ஜரிகைக்கு நல்லது.

பந்திக்கு முன்: பத்து நிமிட உடைமாற்றம்

புரோகிதருக்குத் தட்சிணை கொடுத்து, பெரியவர்களிடம் ஆசி வாங்கி, புகைப்படங்கள் எடுத்து முடித்தால் பட்டின் வேலை முடிந்தது. சிற்றுண்டிக்கும் மதியப் பந்திக்கும் நடுவில் வீட்டுக்காரப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும், அடுத்த நான்கு மணி நேரம் நிம்மதியாகப் போகும். அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கவும் வழி உண்டு. பட்டுக்கும் பருத்திக்கும் பொருந்துகிற நிறத்தில், உதாரணமாக அரக்கிலோ கறுப்பிலோ, ஒரே ரவிக்கையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் மாற்ற வேண்டியது புடவை மட்டும். பாவாடையும் அதுவே இருக்கட்டும்.

அந்தப் பாவாடை பருத்தியாக இருக்க வேண்டும். சாட்டின் பாவாடையில் புடவை வழுக்கும். குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் கொசுவம் அரை விரற்கடை இறங்கும். பருத்தியில் புடவை பிடித்து நிற்கும்.

எந்தப் பருத்தி? நிறமும் நெசவும் இங்கே அழகைத் தாண்டிய காரணங்களைக் கொண்டவை. எண்ணெய் பட்ட இடத்தில் துணி கறுத்துத் தெரிவது எண்ணெயின் நிறத்தால் அல்ல. நூல்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் நிரப்பிவிடுவதால் அங்கே ஒளி சிதறுவது குறைகிறது. ஒரே நிறத்தில் வெறுமையாக இருக்கும் வெளிர் துணியில் அந்தக் கறுத்த வட்டம் தூரத்திலிருந்தே தெரியும். சிறு கட்டம், கோடு, புள்ளி போட்ட நடுத்தர நிறத் துணியில் கண் அதைப் பிரித்தறியாது.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியும் மதுரைச் சுங்குடியும் இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைகின்றன. கண்டாங்கி கனமான பருத்தி. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என அழுத்தமான நிறங்களில் கட்டமும் கோடும் போட்டு வரும். புவிசார் குறியீடு அதற்கு 2019-இல் கிடைத்தது. சூடான ரசம் ஓரிரு துளி தெறித்தால் மெல்லிய துணியைவிட இந்தக் கனம் தோலுக்குக் கூடுதல் நேரம் தரும். சுங்குடியின் புள்ளிகள் சின்னச் சின்னக் கறைகளைத் தங்களோடு கலந்துகொள்ளும். துணியும் இலேசு, வெயில் நாளில் சமையலறையில் நிற்கத் தோது. தீ என்று வரும்போது பருத்தி பட்டைவிட எளிதில் பற்றும் என்பதால், அடுப்பு வேலையும் கூடவே இருப்பவர் கனமான நெசவையும் உடம்போடு படிந்த கட்டையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

கஞ்சி போடுவதிலும் அளவு உண்டு. இலேசான கஞ்சி நல்லது. துணியின் மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று, கறையின் ஒரு பங்கைத் தன்னோடு வாங்கி, துவைக்கும்போது கரைந்து போகும். மொடமொடவென்று கனத்த கஞ்சி போட்டால் புடவை உடம்பை விட்டு விரைத்து நிற்கும். குறுகலான சமையலறையில் மேடையை உரசுவதும் அடுப்பை உரசுவதும் அந்த விரைப்புதான்.

கட்டும் விதத்தில்தான் பாதி வேலை

எந்தப் புடவை என்பதைவிட எப்படிக் கட்டுவது என்பதே கறையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பரிமாறுகிறவர் வாளியை இடது கையில் பிடிக்கிறார். முந்தானையும் இடது தோளில்தான் கிடக்கிறது. முன்னால் குனிந்தால் முதுகில் தொங்கும் துணி இடது கைப்பக்கமாக வழிந்து நேராக வாளிக்கு மேல் வருகிறது. சாம்பாரில் முந்தானை விழுவது தற்செயல் அல்ல, இந்த அமைப்பின் விளைவு. அதற்கு மருந்தும் எல்லார் வீட்டுப் பாட்டிகளும் செய்ததுதான். முதுகிலிருந்து முந்தானையை வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருக வேண்டும். அப்போது இடப்பக்கம் தொங்குவதற்குத் துணியே மிஞ்சாது.

தோளில் ஊக்கு குத்துவது இதற்கு மாற்று ஆகாது, துணை மட்டுமே. மடிப்பெடுத்து ஊக்கு குத்திய முந்தானையும் குனிந்தால் தொங்கத்தான் செய்யும். ஊக்கை ரவிக்கையின் உட்புறத்திலிருந்து குத்தி, கையை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும் அளவுக்குக் கை போகவில்லை என்றால் புடவையை ஒரு விரற்கடை தளர்த்திக் குத்த வேண்டும். இல்லையென்றால் முதல் தடவை கை தூக்கும்போதே துணி கிழியும்.

உயரம் அடுத்தது. விசேஷத்துக்குக் கட்டும் புடவை தரையைத் தொடும். பந்திப் புடவை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். கொட்டிய தண்ணீரும் மோரும் விழுந்த சோறும் உள்ள தரையில் இழுபடும் ஓரம் எல்லாவற்றையும் உறிஞ்சிக் கனத்துப் போகும். வெறுங்காலில் நடக்கும் வீட்டில் அது காலுக்கடியில் மாட்டி வழுக்கவும் வைக்கும். பாவாடையை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டினால் உயரம் தானாகவே சரியாகும். தரையில் பாய் விரித்து இலை போட்ட பந்தி என்றால், கொசுவத்தின் ஒரு நுனியைத் தூக்கி இடுப்பில் செருகுவது இன்னொரு பாதுகாப்பு. குந்தி எழும்போது கொசுவத்தின் மேல் கால் வைத்து முன்பக்கமாக விழும் ஆபத்து அப்போது இருக்காது.

கிராமத்துப் பெண்கள் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கட்டிவந்த பின்கொசுவம் இந்தப் பிரச்சினையை வேர்விட்டே தீர்க்கிறது. கொசுவம் முதுகுப்பக்கம் போய்விடுவதால் முன்னால் துணி தட்டையாக நிற்கும். காலடியில் சிக்கவோ அடுப்புப் பக்கம் பறக்கவோ எதுவும் இருக்காது. ஒன்பது கஜ மடிசாரில் கச்சம் கட்டுவதால் கால்கள் தனித்தனியாக அசையும், அகலமாக அடி வைக்கலாம். தினமும் மடிசார் கட்டிப் பழகியவருக்கு அது சௌகரியம். அன்றைக்கு முதன்முதலாகக் கட்டுகிறவருக்கு அல்ல. பழக்கமில்லாத கட்டு பந்தி நடுவில் அவிழும் பயத்தையே தரும்.

நகையில் கழற்ற வேண்டியது நீண்ட ஆரம். குனிந்ததும் அது முன்னால் ஊஞ்சலாடி வாளிக்குள் போகும். கழுத்தோடு நிற்கும் அட்டிகையால் தொல்லை இல்லை. ரவிக்கைக் கையில் ஆரி வேலைப்பாடு இருந்தால் அதன் மணியும் கல்லும் அண்டா விளிம்பில் மாட்டும். முன்னால் தொங்கவிட்ட மல்லிகைச் சரம் பந்தியில் இலையில் உதிரும். பின்னலோடு சேர்த்து முதுகுப்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. வீட்டுச் சாவி, கைப்பேசி, பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் வீட்டுக்காரரிடமே வந்து சேரும். இடுப்பில் செருகிய கைப்பேசி ரசத்தில் விழுந்த வீடுகள் உண்டு. பாவாடை நாடாவில் கோத்து உட்புறமாகக் கட்டிய ஒரு சுருக்குப் பை போதும்.

இடுப்பின் வலப்பக்கம் ஒரு சிறிய துண்டு இருப்பது அவசியம். பரிமாறுகிறவர்களின் உடையில் அதிகக் கறை இருக்கும் இடம் வலது தொடையும் இடுப்பும்தான். அங்கே யாரும் கொட்டுவதில்லை. தன்னறியாமல் கை துடைத்துக்கொள்வதால் வருவது. துண்டு தொங்கினால் கை அதைத் தேடிப் போகும். அந்த ஈரத் துண்டாலேயே சூடான பாத்திரத்தை இறக்கக் கூடாது. ஈரத் துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும். பாத்திரத்துக்கு உலர்ந்த பிடிதுணி தனியாக வேண்டும்.

அடுப்பங்கரையில் தாளிப்பவருக்கு மார்பிலிருந்து முழங்கால்வரை மறைக்கும் பருத்தி ஏப்ரன் நல்லது. செருகிய முந்தானை அதற்கு உள்ளே அடங்கிவிடும். விருந்தினரைப் பார்க்கப் போகும்போது ஏப்ரனோடு போகச் சங்கடமாக இருந்தால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டிவிட்டுப் போகலாம்.

வேட்டிக்கும் சுடிதாருக்கும்

வீட்டுக்காரர் ஹோமத்தில் பட்டு வேட்டி கட்டியிருந்தால் அவருக்கும் அதே உடைமாற்றம்தான். பந்திக்குப் பருத்தி வேட்டி. நாலு முழம் ஒற்றையாக நிற்பதால் மடித்துக் கட்டி ஓடியாடி வேலை செய்ய எளிது. எட்டு முழம் இரட்டையாக வருவதால் சூடான துளிக்குக் கொஞ்சம் கூடுதல் காப்பு. ஆனால் நடையில் தடுக்கும். மடித்துக் கட்டுவதற்கு முன் உள்ளே முழங்கால்வரை வரும் கால்சட்டை அணிவது கௌரவத்துக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து உதவும். இடுப்பு மடிப்பை மட்டும் நம்பாமல் மேலே பெல்ட் போட்டுக்கொண்டால், இரண்டு கையிலும் வாளி இருக்கும்போது வேட்டி நழுவும் கவலை இல்லை.

வெள்ளையில் எல்லாக் கறையும் தெரியுமே என்ற தயக்கம் நியாயம்தான். ஆனால் வெள்ளைப் பருத்தியில் காப்பாற்றுவதற்குச் சாயம் எதுவும் இல்லை. ஊறவைக்கலாம், வெந்நீரில் அலசலாம், உச்சி வெயிலில் போடலாம். நிறத்துணியில் இவ்வளவு தைரியமாகச் செய்ய முடியாது. சட்டை அரைக்கையாக இருக்கட்டும். முழுக்கை என்றால் முழங்கைக்கு மேலே மடித்துவிட வேண்டும். சட்டைக் கையின் விளிம்புதான் முதலில் பாயசத்தைத் தொடும்.

உதவிக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் சுடிதார் போட்டால் துப்பட்டாவைக் குறுக்காக மாலை போலப் போட்டு இடுப்பில் முடிந்துவிடலாம். தரையைத் தொடும் பலாசோவும் வட்டமாக விரியும் அனார்கலியும் பந்திக்கு ஆகாது. திரும்பும்போது அவற்றின் வட்டம் பக்கத்து இலையையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு போகும்.

உடை சரியாக இருந்தாலும் வாளி வழிந்தால் பயனில்லை. வாளியில் முக்கால் அளவே ஊற்ற வேண்டும். மொண்டதும் கரண்டியின் அடியை வாளி விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு இலைக்குக் கொண்டுபோனால், வாளிக்கும் இலைக்கும் நடுவில் சொட்டுவது நின்றுவிடும். ரசம் சாம்பாரைவிட நீர்த்தது. அதனால் தூரமாகத் தெறிக்கும். கரண்டியை இலைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி ஊற்றினால் சாப்பிடுகிறவர் சட்டையும் தப்பும்.

பட்டுவிட்டால்

எவ்வளவு பார்த்தாலும் ஏதாவது ஒன்று பட்டே தீரும். அப்போது எது பட்டது, எதன் மேல் பட்டது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

பருத்தியில் சாம்பார் கொட்டியதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் கரண்டி விளிம்பால் பருப்பையும் காயையும் வழித்தெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மஞ்சளும் எண்ணெயும் நூலுக்குள் போகும். பிறகு துணியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் கறை வந்த வழியே வெளியே தள்ளப்படும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, எண்ணெயில்தான் கரையும். எனவே எண்ணெயை எடுத்தால்தான் மஞ்சள் நகரும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு துளி விட்டு மெல்லப் பிசைந்து அலச வேண்டும்.

சோப்புக் கட்டியைத் தேய்த்தவுடன் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் பயந்து விட்டுவிடுவார்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்ததையே இங்கே சோப்பின் காரம் செய்கிறது. நன்றாக அலசினால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். மிஞ்சிய மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் சூரிய ஒளியில் சிதைகிற பொருள். ஈரத்தோடு வெயிலில் போட்டு, தேவைப்பட்டால் மறுநாளும் நனைத்துப் போட்டால் மஞ்சள் வெளுத்துப் போகும். நிறத்துணி என்றால் நீண்ட நேர வெயில் சாயத்தையும் வெளுக்கும் என்பதால் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். கறை போவதற்கு முன் இஸ்திரி போட்டால் சூடு அதை நிலைக்கச் செய்துவிடும்.

பட்டில் பட்டால் இந்த முறை எதுவும் செல்லாது. தண்ணீர் விட்டால் கறை போகாததோடு தண்ணீர் வளையமும் நிற்கும். உலர்ந்த பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். நெய்யோ எண்ணெயோ என்றால் முகப்பவுடரைத் தாராளமாகத் தூவி அரைமணி நேரம் விட்டுத் தட்டிவிட்டால், பவுடர் எண்ணெயை உறிஞ்சி எடுத்திருக்கும். சோப்பு, எலுமிச்சை, சலவைக் குளோரின் எதுவும் வேண்டாம். குளோரின் பட்டிழையையே அரித்துவிடும். மிச்சத்தை உலர் சலவைக்காரரிடம் விட்டுவிடலாம். கொடுக்கும்போது பட்டது சாம்பாரா, காபியா, நெய்யா என்று சொல்லிக் கொடுப்பது அவசியம். அவர் எந்தத் திரவத்தை எடுப்பது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

குங்குமம் கொட்டினால் முதலில் உதறுவதே சரி. ஈரக்கை படவே கூடாது. பாலும் காபியும் பருத்தியில் பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலச வேண்டும். வெந்நீர் பாலிலுள்ள புரதத்தை இறுகச் செய்து துணியோடு ஒட்டவைத்துவிடும்.

துணியில் தீப்பற்றினால் மட்டும் கறையைப் பற்றிய பேச்சே கிடையாது. ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும், அருகில் இருப்பவர் தண்ணீரை ஊற்ற வேண்டும். அணைந்ததும் சுட்ட இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிடுங்கக் கூடாது. மாவு, பற்பசை, மை எதையும் பூசக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த நாளின் கணக்கு

இவற்றை நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் பொருத்தினால் நாள் இப்படி அமையும். முந்தைய மாலை பழைய நைட்டி. வாழையும் காய்கறியும் அதோடு முடியும். விடியற்காலை நான்கு மணிக்குக் குளித்துப் பட்டு. மடியில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு. எட்டு மணிக்குள் ஹோமமும் பால் காய்ச்சுதலும் முடியும். சிற்றுண்டி பரிமாற மற்றவர்களை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரப் பெண் பட்டோடு விருந்தினரை வரவேற்கிறார், புகைப்படத்துக்கு நிற்கிறார். பதினோரு மணிக்குப் பட்டைக் கழற்றிக் கண்டாங்கிக்கு மாறுகிறார்: பருத்திப் பாவாடை இரண்டு விரற்கடை ஏற்றி, முந்தானை வலப்பக்கம் சுற்றிச் செருகி, இடுப்பில் துண்டு, உள்ளே சுருக்குப் பை. பதினொன்றரைக்கு முதல் பந்தி. இருபது இருபது பேராக மூன்று பந்திகள். தாமதமாக வரும் பெரிய மனிதர்களைப் பட்டில்லாமல் வரவேற்பதா என்ற கவலை பலருக்கு வரும். சுத்தமான, மடிப்புக் குலையாத கண்டாங்கியில் நிற்கிற வீட்டுக்காரரை யாரும் குறையாக நினைப்பதில்லை; சாம்பார் நனைத்த பட்டில் நின்றால்தான் எல்லாக் கண்களும் அங்கே போகும்.

கழற்றிய பட்டை உடனே மடித்துப் பீரோவில் வைப்பது கடைசித் தவறு. வியர்வை ஈரம் ஜரிகையில் அடைபட்டு, மடிப்பு விழுந்த இடத்தில் கறுக்கும். மதியமே ஒரு அறையில் கயிற்றில் நிழலாகப் போட்டு, காற்றாடியின் காற்றில் இரவு வரை உலரவிட வேண்டும். மறுநாள் வெளிச்சத்தில் ஓரம், முந்தானை, மடிப்பகுதி மூன்றையும் பார்த்து, கறை இருந்தால் அந்த இடத்தில் வெள்ளை நூலால் ஒரு தளர்ந்த தையல் போட்டுச் சலவைக்கு அனுப்பலாம். கறை இல்லையென்றால் பழைய வேட்டித் துணியில் சுற்றி, முன்பு மடித்த கோட்டிலேயே மடிக்காமல் வேறு கோட்டில் மடித்து வைக்க வேண்டும்.